பதவி அதேதான், பயணம்தான் கூடுதல்: ரெக்ரூட்டரிடம் எப்படி மறுப்பது?

"கணக்குப் பிரிவில் டீம் லீடாக இருக்கிறேன். ஒரு கன்சல்டன்சியிலிருந்து ரெக்ரூட்டர் ஒருவர் போன் செய்து அரை மணி நேரம் பொறுமையாகப் பேசினார். ஆனால் அவர் சொல்லும் வேலை நான் இப்போது செய்வதேதான், பதவியும் அதேதான். சம்பளம் 8 சதவீதம் கூடும். வாரம் நான்கு நாள் அலுவலகம் போக வேண்டும். இப்போது ஒரு பக்கம் 35 நிமிடப் பயணம், அங்கே 75 நிமிடம் ஆகும். எனக்கு இது வேண்டாம். நாளை மறுநாள் ரெஸ்யூமைக் கம்பெனிக்கு அனுப்பப் போகிறேன் என்கிறார். அவர் மனம் கோணாமல், அடுத்து நல்ல வேலை வந்தால் என்னை மறந்துவிடாமல், எப்படிச் சொல்வது?"

இன்றைக்கே சொல்லிவிடுங்கள். எப்படிச் சொல்வது என்பதை அப்புறம் பார்ப்போம். ரெஸ்யூம் இன்னும் போகவில்லை என்பதுதான் இப்போது உங்கள் கையில் இருக்கும் பெரிய வசதி. நாளை மறுநாளைக்குப் பிறகு அது இருக்காது.

நான் சில வருடங்கள் மேசைக்கு அந்தப் பக்கம், அதாவது ஆள் தேடிக் கொடுக்கும் வேலையில் இருந்தவன். வெளியே இருப்பவர்கள் "வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாரோ" என்று தயங்குவார்கள். உண்மையில் ஒரு ரெக்ரூட்டர் ஒரு நாளில் பத்துப் பேரிடம் "வேண்டாம்" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அது அவரைச் சுடாது. தாமதமாக வரும் "வேண்டாம்"தான் சுடும்.

காரணம் எளிது. இப்படி வெளியிலிருந்து ஆள் கொடுக்கும் கன்சல்டன்சிகளுக்குப் பொதுவாக ஆள் வேலையில் சேர்ந்தால்தான் காசு. சேர்ந்தவரின் முதல் வருடச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கம்பெனி அவர்களுக்குக் கொடுக்கும். பேசியதற்கும் ரெஸ்யூம் அனுப்பியதற்கும் ஒன்றும் கிடையாது. இப்போது நீங்கள் விலகினால் அவருக்கு நஷ்டம் அந்த அரை மணி நேரம் மட்டும். ரெஸ்யூம் போன பிறகு கதை வேறு. "இவர் நல்ல ஆள், ஆர்வமாக இருக்கிறார்" என்று தன் வாடிக்கையாளரிடம் அவர் சொல்லியிருப்பார். அந்த மேனேஜர் நேர்காணலுக்கு நேரம் ஒதுக்கியிருப்பார். அதற்கப்புறம் நீங்கள் பின்வாங்கினால் அவருடைய சொல் பொய்யாகிறது.

உங்களுக்கும் ஒரு நஷ்டம் உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு கன்சல்டன்சி உங்கள் ரெஸ்யூமை ஒரு கம்பெனிக்கு அனுப்பிவிட்டால், அங்கே உங்களை அறிமுகப்படுத்தியவர்கள் அவர்கள்தான் என்ற உரிமை கொஞ்ச காலம் அவர்களிடம் இருக்கும். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும் என்றாலும், ஆறு மாதம், ஒரு வருடம் என்பவை சாதாரணம். நான்கு மாதம் கழித்து அதே கம்பெனியில் உங்களுக்கு ஏற்ற மேனேஜர் பதவி திறக்கிறது, வேறொருவர் மூலமாகவோ நேரடியாகவோ விண்ணப்பிக்கிறீர்கள் என்று வையுங்கள். கட்டணம் யாருக்கு என்ற தகராறு கிளம்பலாம். "எதற்கு வம்பு" என்று ஆளையே ஒதுக்கிவிடும் கம்பெனிகளும் உண்டு. வேண்டாத வேலைக்காக அந்தக் கதவில் ஏன் பெயரை ஒட்டிவைக்க வேண்டும்? அதனால் உங்கள் பதிலில் "தயவுசெய்து ரெஸ்யூமை அனுப்ப வேண்டாம்" என்ற வரி பளிச்சென்று இருக்க வேண்டும். "யோசித்துப் பார்த்தேன், சரிப்படாது போலிருக்கிறது" என்று எழுதினால், "சரி, அனுப்பி வைப்போம், பிறகு பேசி மனதை மாற்றலாம்" என்று நினைப்பவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். உங்கள் ரெக்ரூட்டர் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை.

மறுக்கும் முன் ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பதவிப் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே வேலை ஒன்றாகிவிடாது. ஒரு கம்பெனியின் டீம் லீட் இன்னொரு கம்பெனியின் மேனேஜராக இருப்பார். எத்தனை பேரை நடத்த வேண்டும், யாரிடம் ரிப்போர்ட் செய்ய வேண்டும், எந்த முடிவுகளில் உங்கள் கையெழுத்தே போதும் என்ற மூன்றையும் கேட்டால் தெரிந்துவிடும். இப்போது ஏழு பேரை நடத்துகிறீர்கள், நிதி மேலாளரிடம் ரிப்போர்ட் செய்கிறீர்கள், அங்கேயும் ஆறேழு பேர், அதே படிநிலை என்றால் சந்தேகமே வேண்டாம், அது பக்கவாட்டு நகர்வுதான். அங்கே நிதித் துறைத் தலைவரிடமே நேரடியாக ரிப்போர்ட் செய்ய வேண்டும், வருடக் கணக்கு முடிப்பு முழுவதும் உங்கள் பொறுப்பு என்றால், பெயர் அதேயானாலும் ஒரு படி மேலேதான். அரை மணி நேரம் பேசியிருக்கிறீர்கள் என்பதால் இதெல்லாம் தெரிந்தே கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பயணத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரெக்ரூட்டரிடம் காட்டுவதற்காக அல்ல. அவர் திரும்பப் பேசும்போது நீங்கள் தடுமாறாமல் இருப்பதற்காக. ஒரு பக்கம் 40 நிமிடம் கூடுகிறது, போய் வர 80 நிமிடம். இப்போதும் வாரம் நான்கு நாள்தான் அலுவலகம் போகிறீர்கள் என்று வைத்தால், வாரத்துக்கு 320 நிமிடம், அதாவது 5 மணி 20 நிமிடம் கூடுகிறது. விடுமுறைகள் போக வருடத்துக்கு 46 வாரம் என்று வைத்தால் சுமார் 245 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் முப்பது நாள்.

சம்பளத்தோடு சேர்த்தும் பாருங்கள். 40 மணி நேர வேலையும் பயணமும் சேர்ந்து இப்போது வாரத்துக்குச் சுமார் 44 மணி 40 நிமிடம் ஆகிறது. அங்கே 50 மணி நேரம் ஆகும். நேரம் 12 சதவீதம் கூடுகிறது, சம்பளம் 8 சதவீதம் கூடுகிறது. மணிக்கு என்று பார்த்தால் இப்போது வாங்குவதைவிட மூன்று, நான்கு சதவீதம் குறைவாக வாங்கப் போகிறீர்கள். பயணச் செலவு தனி. இதைப் பார்த்த பிறகு "எட்டு சதவீதத்தை விட்டுவிட்டோமோ" என்ற உறுத்தல் வராது.

இனி காரணத்துக்கு வருவோம். மறுப்பில் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

உங்களிடம் இரண்டு காரணம் இருக்கிறது: பொறுப்பு கூடவில்லை, பயணம் கூடுகிறது. ரெக்ரூட்டரின் காதில் காரணம் என்பது தீர்க்க வேண்டிய பிரச்சினை. பயணத்தை மட்டும் சொன்னால், "அதைப் பேசிவிடலாம், வாரம் இரண்டு நாள் வந்தால் போதும் என்று சொல்ல வைக்கிறேன்" என்பார். நீங்கள் சொன்ன காரணத்தை அவர் தீர்த்துக் கொடுத்துவிட்டார். இப்போது நீங்கள் புதிதாக இன்னொரு காரணம் எடுத்தால் முதலில் சொன்னது சாக்கு என்றாகிவிடும். பொறுப்பை மட்டும் சொன்னால், "பதவிப் பெயரில் சீனியர் என்று சேர்க்கச் சொல்கிறேன்" என்று வரலாம். இரண்டையும் ஒரே மூச்சில், முதலிலேயே சொல்லிவிட்டால் இந்தப் பேச்சுக்கு இடமே இல்லை.

எது முதலில் வர வேண்டும்? பொறுப்பு முதலில், பயணம் பிறகு. அவர் உங்கள் பெயருக்கு எதிரே தன் கணினியில் ஒரு குறிப்பு எழுதுவார். கன்சல்டன்சிகள் எல்லாம் ஏதோ ஒரு மென்பொருளில் இப்படிக் குறிப்பு வைத்திருக்கும். அடுத்த வருடம் ஒரு மேனேஜர் வேலை வந்தால், அவரோ அவர் இடத்தில் இருக்கும் வேறு யாரோ அதில்தான் தேடுவார்கள். "தூரம் காரணமாக மறுத்தார்" என்று மட்டும் இருந்தால், அந்தப் பக்கம் உள்ள எல்லா வேலைகளிலிருந்தும் உங்கள் பெயர் சத்தமில்லாமல் விழுந்துவிடும், ஒரு படி மேலான வேலை என்றால் அந்தத் தூரத்துக்கு நீங்கள் தயாராகவே இருந்தாலும்கூட. "டீம் லீட் நிலை வேண்டாம், மேனேஜர் என்றால் அழைக்கவும், 45 நிமிடத்துக்குள் நல்லது" என்று இருந்தால் உங்களைத் தேடி எடுப்பது சுலபம். ஆகவே மறுப்பை எழுதும்போது அவர் அதிலிருந்து எந்த வரியை வெட்டி அந்தக் கட்டத்தில் ஒட்டுவார் என்று யோசித்து எழுதுங்கள். என் அனுபவத்தில், நானே அப்படித்தான் வெட்டி ஒட்டினேன். சொந்தமாக எழுத யாருக்கு நேரம்?

ஒரு பெண்மணி நினைவுக்கு வருகிறார். நான் சொன்ன வேலையை மூன்றே வரியில் மறுத்தார். மூன்றாவது வரியில் "குறைந்தது பத்துப் பேர் கொண்ட டீம், அல்லது இரண்டு கிளைகளின் கணக்கு என் பொறுப்பில் இருந்தால் பேசலாம்" என்று இருந்தது. அதை அப்படியே குறிப்பில் போட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும், "இரண்டு கிளைகள்" என்று ஒரு வேலை வந்தது. தேடினால் அவர் பெயர் முதலில் நின்றது. அவர் முகம்கூட எனக்கு நினைவில்லை, அந்த வரிதான் அவரைக் கொண்டுவந்தது.

நேர்மாறான ஆளும் ஒருவர். வீட்டில் சூழ்நிலை சரியில்லை, ஒரு வருடத்துக்கு வேலை மாற முடியாது என்றார். நானும் பரிதாபப்பட்டு விட்டுவிட்டேன். ஐந்தாறு வாரத்தில் புது வேலையில் சேர்ந்துவிட்டதாக லிங்க்டினில் படத்தோடு போட்டிருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அடுத்த முறை அவர் "ஆர்வமாக இருக்கிறேன்" என்றபோது அதை எவ்வளவு நம்புவது என்று தெரியவில்லை. சின்ன மறுப்புக்கெல்லாம் பெரிய பொய் தேவையே இல்லை. அதிலும் உங்கள் காரணங்கள் இரண்டும் யார் கேட்டாலும் தலையாட்டக்கூடியவை.

சரி, எழுதுவோம். முதலில், வழக்கமாக வரும் மாதிரி ஒன்று:

"வணக்கம். தாமதமாகப் பதில் எழுதுவதற்கு மிகவும் மன்னிக்கவும். நீங்கள் எனக்காக இவ்வளவு நேரம் செலவிட்டதற்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. நீண்ட யோசனைக்குப் பிறகு, தற்போதைய சூழலில் இந்த வாய்ப்பை ஏற்க இயலாத நிலையில் இருக்கிறேன். எதிர்காலத்தில் ஏதேனும் நல்ல வாய்ப்பு இருந்தால் கட்டாயம் தெரிவிக்கவும்."

பணிவுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் இதிலிருந்து வெட்டி ஒட்ட ஒரு வரியும் இல்லை. "தற்போதைய சூழல்" என்றால் என்ன? அடுத்த மாதம் மாறுமா? "நல்ல வாய்ப்பு" என்றால் எது? மூன்று வாரத்தில் இதே மாதிரி இன்னொரு டீம் லீட் வேலையோடு அவர் திரும்ப அழைப்பார், நீங்கள் திரும்ப மன்னிப்புக் கேட்பீர்கள். மேலோட்டமான மறுப்பு பண்பாகத் தெரியும், ஆனால் இரண்டு பேருடைய நேரத்தையும் தின்னும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம். நேற்று வேலையைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் விளக்கியதற்கு நன்றி. யோசித்துப் பார்த்தேன், இதில் நான் மேற்கொண்டு போகவில்லை. தயவுசெய்து என் ரெஸ்யூமை அவர்களுக்கு அனுப்ப வேண்டாம்.

இந்தப் பொறுப்பு நான் இப்போது செய்வதற்கு மிக நெருக்கமாக இருக்கிறது. அதோடு தினப் பயணமும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து வரும்போது மாறுவதற்குக் காரணம் போதவில்லை.

கணக்குப் பிரிவில் மேனேஜர் நிலை, பத்துப் பேருக்கு மேல் டீம், ஒரு பக்கப் பயணம் 45 நிமிடத்துக்குள் அல்லது வாரம் இரண்டு நாள் மட்டும் அலுவலகம் என்று ஏதாவது வந்தால் கட்டாயம் பேசுவோம். இந்த எண்ணிலேயே மாலை ஆறு மணிக்குப் பிறகு அழைக்கலாம்."

கவனியுங்கள், "அதே வேலை", "சின்ன வேலை" என்று எங்கும் இல்லை. "நான் இப்போது செய்வதற்கு நெருக்கமாக இருக்கிறது" என்பது உங்களைப் பற்றிய செய்தி. "இதில் வளர்ச்சி ஒன்றும் இல்லை" என்று எழுதினால் அது அவருடைய வாடிக்கையாளரைப் பற்றிய விமர்சனம் ஆகிவிடும், அதே வேலையை இன்று மாலை இன்னொருவரிடம் அவர் புகழ்ந்து பேச வேண்டியிருக்கிறது. சம்பளத்தைப் பற்றியும் நான் வாய் திறக்கவில்லை. "எட்டு சதவீதம் போதாது" என்று எழுதினால் அது மறுப்பு இல்லை, பேரம். பன்னிரண்டு வாங்கிக்கொண்டு வருவார், அப்போது உங்களுக்கு முழி பிதுங்கும். உண்மையிலேயே இருபது சதவீதம் தந்தால் போகலாம் என்று உள்ளுக்குள் இருந்தால், மறுப்பாக எழுதாமல் வெளிப்படையாக அந்த எண்ணையே கேட்டுவிடுவது நேர்மை.

"நன்றி" ஒரு தடவை போதும், அதுவும் குறிப்பாக எதற்கு என்று சொல்லி. மன்னிப்பு வேண்டவே வேண்டாம், நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. இன்னொன்று, இதை அலுவலக மெயிலிலிருந்து அனுப்பாதீர்கள். சொல்லத் தேவையில்லாத விஷயம்தான், ஆனால் அப்படி அனுப்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவர் போனில் பேசியவர் என்பதால் போன் செய்துதான் சொல்ல வேண்டுமா என்ற கேள்வி வரும். இந்தக் கட்டத்தில் எழுத்தே போதும். எழுத்தில் இருந்தால் ரெஸ்யூம் அனுப்ப வேண்டாம் என்றதற்கும் பதிவு இருக்கும். நேர்காணல் வரை போயிருந்தால் மட்டும் முதலில் போன், உடனே பின்னால் மெயில். ஏனென்றால் அவர் அந்தச் செய்தியை வாடிக்கையாளரிடம் கொண்டுபோக வேண்டும், அவர் கேட்கும் கேள்விகளுக்கு உங்களிடமிருந்து பதில் வேண்டும். ஆஃபர் கைக்கு வந்த பிறகு தூரத்தைக் காரணம் சொல்லி மறுப்பது எல்லாவற்றிலும் மோசம். அலுவலகம் எங்கே இருக்கிறது என்பது முதல் நாளே தெரிந்த விஷயமாயிற்றே. அந்த நிலையில் எந்த நல்ல வார்த்தையும் முழுதாகக் காப்பாற்றாது.

நீங்கள் அனுப்பிய ஒரு மணி நேரத்தில் அவர் அழைக்கக்கூடும். அது அவர் தொழில், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேச்சு அநேகமாக இப்படிப் போகும்:

"அலுவலகத்துக்கு வாரம் இரண்டு நாள் வந்தால் போதும் என்று பேசிப் பார்க்கட்டுமா?"

"வேண்டாங்க. பயணம் குறைந்தாலும் பொறுப்பு அதேதானே. அதற்காக மாற மாட்டேன்."

"ஒரு வருடத்தில் மேனேஜர் ஆக்கிவிடுவார்கள்."

"அப்படியென்றால் அந்த மேனேஜர் வேலை திறக்கும்போது முதலில் என்னை அழையுங்கள்."

இரண்டாவது பதில் நெஞ்சில் ஈரமில்லாதது போலத் தெரியலாம், ஆனால் வாய்வார்த்தையாக வரும் "ஒரு வருடத்தில்" என்பதை எந்த ரெக்ரூட்டராலும் உறுதி செய்ய முடியாது. ஆஃபர் கடிதத்தில் அது இருக்காது. இரண்டு முறைக்கு மேல் அவர் வற்புறுத்தினால், "மெயிலில் எழுதியதுதான் என் முடிவு" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். மூன்றாவது முறையும் விளக்கம் கொடுத்தால், முடிவு இன்னும் ஆடுகிறது என்றுதான் அவருக்குப் படும்.

வேறு யாரையாவது பரிந்துரைக்க முடியுமா என்றும் கேட்பார். உங்களுக்குப் பக்கவாட்டு நகர்வாக இருப்பது, இப்போது சீனியர் அக்கவுண்டன்டாக இருக்கும் ஒருவருக்கு ஒரு படி மேல். அந்தப் பக்கமே குடியிருப்பவருக்குப் பயணம் ஒரு பொருட்டே இல்லை. அப்படி ஒருவர் தெரிந்தால் அது நீங்கள் அவருக்குக் கொடுக்கக்கூடிய உருப்படியான உதவி. ஆனால் நண்பரின் எண்ணை அந்த போனிலேயே கொடுத்துவிடாதீர்கள். நண்பரிடம் முதலில் கேளுங்கள், அவர் சரி என்றால் அவரையே ரெக்ரூட்டருக்குப் பேசச் சொல்லுங்கள். வேலை தேடுகிறார் என்ற செய்தி தப்பான காதுக்குப் போனால் பாதிக்கப்படுவது அவர்தான். உங்கள் கீழே வேலை செய்பவரைப் பரிந்துரைப்பதாக இருந்தால் இரண்டு முறை யோசியுங்கள், உங்கள் டீமிலிருந்தே நீங்கள் ஆளைக் கிளப்பிவிட்டதாக நாளை பேச்சு வரும். யாரும் இல்லையென்றால் "தெரிந்து யாரும் இல்லை" என்று சொல்லிவிடலாம். "பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சொல்லாமல் இருப்பதைவிட அது மேல்.

இதற்கப்புறம் அவருக்கு மாதாமாதம் வணக்கம் போட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. நீங்கள் கொடுத்த மூன்றாவது பத்தியில் ஏதாவது மாறினால் மட்டும் ஒரு வரி எழுதுங்கள். வீடு மாறினால், டீம் பெரிதானால், பதவி உயர்ந்தால், அல்லது ஆறேழு மாதத்தில் நீங்களே தேடத் தொடங்கினால். "போன முறை 45 நிமிடத்துக்குள் என்று சொல்லியிருந்தேன், இப்போது வீடு மாறிவிட்டேன், அந்தப் பக்கமும் சரி" என்ற ஒரு வரி அவருடைய குறிப்பில் உங்கள் பெயரைத் திரும்ப மேலே கொண்டுவந்துவிடும். இந்த ஆட்கள் அடிக்கடி கன்சல்டன்சி மாறுவார்கள், குறிப்புகள் பழைய இடத்திலேயே தங்கிவிடும். அதனால் அவரை லிங்க்டினில் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள், மறுப்பை அனுப்பிய அதே நாளில்.